58 வயதில் பிஎஃப் எவ்வளவு இருக்கும்? எனக்கு 90 லட்சம் வருகிறது

கோவை லேத் – 12 ஜூலை 2025

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் 2012 ஏப்ரலில் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இந்த ஏப்ரலில் 42 முடிந்தது. 58 வயதில், அதாவது 2041 மார்ச்சில், என் பிஎஃப் கணக்கில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன்.

இப்போதைய பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 32,000. பாஸ்புக்கில் 31-3-2025 அன்று என் பங்கும் நிறுவனப் பங்கும் சேர்த்து 9,40,000. அதற்குப் பக்கத்திலேயே பென்ஷன் என்று இன்னொரு கட்டம் இருக்கிறது, அதில் சுமார் 1,74,000. மூன்றையும் கூட்டினால் 11,14,000 வருகிறது.

பத்து வருடத்தில் என் சம்பளம் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. 2015 மார்ச்சில் என் பங்கு 1,920 பிடித்தார்கள், 2025 மார்ச்சில் 3,840. அப்படியென்றால் வருடத்துக்கு 7.2 சதவீத உயர்வு. வட்டி 8.25, மாதப் பிடித்தம் இரு பக்கமும் சேர்த்து 24 சதவீதம் என்று போட்டால் 89 லட்சத்து 73 ஆயிரம் வருகிறது. மகளின் கல்லூரிக்கு இப்போது கடன் வாங்கி, ஓய்வுபெறும்போது இதில் அடைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன், அதனால் இந்தத் தொகை சரியா என்று தெரிய வேண்டும்.

---

சுந்தர்74 – 12 ஜூலை

தம்பி, நீங்கள் நிறுவனத்தின் பங்கை 12 சதவீதம் என்று எடுத்துக்கொண்டீர்கள், அதுதான் தப்பு. அவர்கள் கட்டும் 12இல் 8.33 பென்ஷனுக்குப் போய்விடும். பிஎஃப்புக்கு வருவது 3.67 மட்டும். ஆக மொத்தம் 15.67 சதவீதம்தான் சேரும். சம்பள உயர்வு 5, வட்டி 8 என்று நான் போட்டுப் பார்த்தேன். 59 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அந்தப் பென்ஷன் கட்டத்தையும் கூட்டக் கூடாது, அந்தப் பணம் மொத்தமாகக் கைக்கு வராது.

---

கோவை லேத் – 12 ஜூலை

அண்ணா, 90க்கும் 59க்கும் முப்பது லட்சம் வித்தியாசம். இதில் எதை நம்பி நான் கடன் வாங்குவது?

---

பாலு அண்ணாச்சி – 12 ஜூலை

15,000 × சர்வீஸ் ÷ 70. உங்களுக்கு 29 வருட சர்வீஸ், இருபது வருடம் தாண்டியதால் இரண்டு வருடம் கூடுதலாகப் போடுவார்கள். 31 போட்டால் மாதம் 6,643 ரூபாய். நான் என் மைத்துனருக்கு இப்படித்தான் பார்த்துச் சொன்னேன்.

---

மீனா சம்பளப் பிரிவு – 13 ஜூலை

அண்ணாச்சி, நீங்கள் சொன்னது மாதப் பென்ஷன் கணக்கு. அவர் கேட்பது மொத்தமாக வரும் பிஎஃப். ஆனாலும் அது அவருக்கு உதவும், ஏனென்றால் பென்ஷன் கட்டத்தில் இருக்கும் பணம் 58க்குப் பிறகு அந்த வழியாகத்தான் திரும்பி வரும். 2014 ஆகஸ்ட் வரையிலான மாதங்களுக்கு 15,000க்குப் பதில் 6,500 எடுப்பார்கள், அதனால் 6,643இல் கொஞ்சம் குறையும்.

சுந்தர் அண்ணா, பென்ஷன் கட்டத்தைக் கூட்டக் கூடாது என்பது முழுக்கச் சரி. 3.67 என்பது பேசிக் 15,000 வரை இருப்பவர்களுக்குச் சரி. அதற்கு மேல் போனால் அந்த விகிதம் நிற்காது. பென்ஷனுக்குப் போகும் 8.33, சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000க்குத்தான் கணக்கிடப்படும், அதாவது மாதம் 1,250. மிச்சம் எல்லாம் பிஎஃப்புக்கு வரும். 32,000க்கு 3.67 என்றால் 1,174 ரூபாய்தான். தம்பி, உங்கள் பாஸ்புக்கில் மார்ச் மாதத்து நிறுவனப் பங்கு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். நிறுவனம் முழுச் சம்பளத்துக்கும் கட்டினால் அங்கே 2,590 இருக்க வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். 9,40,000 என்பது இந்த வருட வட்டி ஏறிய பிறகா, ஏறுவதற்கு முன்பா? `Int. Updated upto 31/03/2025` என்ற வரி பாஸ்புக்கில் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு வருட வட்டி விட்டுப்போய்விடும்.

---

கோவை லேத் – 13 ஜூலை

அக்கா, 2,590 என்றுதான் இருக்கிறது. நீங்கள் சொன்ன வட்டி வரியும் இருக்கிறது.

---

சுந்தர்74 – 13 ஜூலை

ஏற்றுக்கொள்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் எல்லோருக்கும் 15,000க்குக் கீழே, அதனால் 3.67 மனதில் பதிந்துவிட்டது. ஆனால் வட்டி 8.25 என்று வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2015-16இல் 8.8 இருந்தது. 2021-22இல் 8.1க்கு இறங்கியது. இன்னும் 16 வருடம் எட்டுக்கு மேலேயே நிற்கும் என்று எப்படிச் சொல்வது? 7.5 வையுங்கள்.

---

மீனா சம்பளப் பிரிவு – 13 ஜூலை

வட்டியைப் பற்றிப் பிறகு பேசலாம், அண்ணா. அதைவிடப் பெரிய சந்தேகம் எனக்கு அந்த 7.2இல் இருக்கிறது.

தம்பி, 2015க்கும் 2025க்கும் நடுவில் உங்கள் பங்கு எப்படி ஏறியது என்று ஏப்ரல் ஏப்ரலாகப் பார்த்து எழுதுங்கள். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் வைத்து விகிதம் எடுத்தால், நடுவில் நடந்தது மறைந்துவிடும். நான் 19 வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டவள். பிஎஃப் பிடித்தம் ஏறுவது எல்லாமே இன்கிரிமென்ட்டால் ஏறுவது இல்லை.

---

கோவை லேத் – 14 ஜூலை

நேற்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். என் பங்கு மட்டும்:

2015 மார்ச் 1,920
2019 மார்ச் 2,334
2019 ஏப்ரல் 3,009
2020 ஏப்ரல் 3,159
2020 மே, ஜூன், ஜூலை 2,633
2020 ஆகஸ்ட் திரும்பவும் 3,159
2025 மார்ச் 3,840

அக்கா, 2020இல் மூன்று மாதம் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள். இதை இத்தனை வருடம் நான் கவனிக்கவே இல்லை. கம்பெனியிடம் கேட்கலாமா? அப்புறம் 2021 ஜூனில் கோவிட் முன்பணமாக 80,000 எடுத்தேன், அதுவும் இருக்கிறது.

---

மீனா சம்பளப் பிரிவு – 14 ஜூலை

கம்பெனி மேல் தப்பு இல்லை. 2020 மே, ஜூன், ஜூலை மாதச் சம்பளத்துக்கு அரசே பிஎஃப் விகிதத்தை 12இலிருந்து 10ஆகக் குறைத்தது. உங்கள் சம்பளம் அப்போது சுமார் 26,330. அதற்குப் பத்து சதவீதம் 2,633. அந்த மூன்று மாதமும் கையில் வந்த சம்பளம் அந்த அளவுக்குக் கூடியிருக்கும், பழைய சம்பளச் சீட்டு இருந்தால் பாருங்கள். பிடித்தத்தை 0.12ஆல் வகுத்துச் சம்பளம் கண்டுபிடிக்கும்போது இந்த மூன்று மாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் சம்பளம் குறைந்து மறுபடி ஏறியது போலத் தெரியும்.

இப்போது 2019 ஏப்ரலுக்கு வாருங்கள். ஒரே மாதத்தில் 2,334 என்பது 3,009 ஆகியிருக்கிறது. சம்பளமாக மாற்றினால் 19,450லிருந்து 25,075. ஒரே இன்கிரிமென்ட்டில் 29 சதவீதம் யாருக்கும் கிடைக்காது. அந்த மாதம் உங்கள் சம்பளச் சீட்டில் ஸ்பெஷல் அலவன்ஸ் என்று எதாவது காணாமல் போனதா?

---

கோவை லேத் – 14 ஜூலை

ஆமாம் அக்கா! 4,650 ரூபாய் ஸ்பெஷல் அலவன்ஸ் இருந்தது. அதை பேசிக்கில் சேர்த்தார்கள். பிடித்தம் கூடியதால் அந்த மாதம் கையில் வந்தது எதிர்பார்த்த அளவு ஏறவில்லை, நாங்கள் எல்லோரும் போய்க் கேட்டோம்.

---

மீனா சம்பளப் பிரிவு – 14 ஜூலை

அதேதான். 2019 பிப்ரவரி கடைசியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி மாதாமாதம் கொடுக்கும் அலவன்ஸை பேசிக்கிலிருந்து பிரித்து வைத்து, அதற்கு பிஎஃப் கட்டாமல் இருக்கக் கூடாது என்று. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் சம்பளத்தைத் திருத்தி அமைத்தன. உங்கள் கம்பெனியும் அதைச் செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அது ஒரு தடவை நடந்த மாற்றம். அடுத்த 16 வருடத்தில் அது திரும்ப நடக்கும் என்று வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அதனால் வரலாற்றை அந்த இடத்தில் இரண்டாக வெட்டுங்கள். 2015 மார்ச் முதல் 2019 மார்ச் வரை நாலு இன்கிரிமென்ட், 1,920 என்பது 2,334 ஆகியிருக்கிறது. வருடத்துக்கு 5 சதவீதம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஐந்து இன்கிரிமென்ட், 3,009 என்பது 3,840 ஆகியிருக்கிறது. அதுவும் 5 சதவீதம்தான். உங்கள் உண்மையான உயர்வு இதுதான். 7.2இல் மிச்சம் 2.2 அந்த அலவன்ஸ் கொடுத்த தோற்றம்.

இதை ஒரு ஷீட்டில் போட்டுப் பாருங்கள். `B2`இல் 32000, `D2`இல் 940000. மூன்றாம் வரியில் கீழே உள்ளதை எழுதி, 18ஆம் வரி வரை இழுத்துவிடுங்கள். ஒரு வரி ஒரு வருடம்.

```
B3: =B2*1.05
C3: =ROUND(B3*0.12,0)*2-1250
D3: =D2*1.08+C3*12+C3*66*0.08/12
```

`C` என்பது மாதம் பிஎஃப்புக்குச் சேரும் தொகை, பென்ஷனுக்குப் போகும் 1,250ஐக் கழித்துவிட்டேன். அந்த 66 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். வட்டி மாதாமாதம் உள்ள இருப்புக்குக் கணக்காகி, வருடக் கடைசியில் ஏறும். ஏப்ரலில் வந்து சேரும் தொகைக்கு 11 மாத வட்டி, மே மாதத் தொகைக்கு 10, இப்படியே குறைந்து மார்ச் தொகைக்கு அந்த வருடத்தில் எதுவும் இல்லை. கூட்டினால் 66.

முதல் வருடக் கடைசியில் 10,99,966 வர வேண்டும். அது வந்தால் சூத்திரம் சரியாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

---

கோவை லேத் – 15 ஜூலை

10,99,966 அப்படியே வந்தது அக்கா. கடைசி வரியில் 69 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. 90 எங்கே, 69 எங்கே. எந்த இடத்தில் எவ்வளவு போயிற்று என்று புரிந்துகொள்ள ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன்.

பென்ஷன் கட்டத்தை ஆரம்ப இருப்பிலிருந்து எடுத்ததும் 6.2 லட்சம் குறைந்தது. மாதம் 1,250 கழித்ததும் 4.8 லட்சம். உயர்வை 7.2லிருந்து 5க்குக் கொண்டுவந்ததும் 7.7 லட்சம். வட்டியை 8.25லிருந்து 8 ஆக்கியதில் போனது 1.9 லட்சம் மட்டும்தான். நான் வட்டியைத்தான் பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

சுந்தர்74 – 15 ஜூலை

கால் சதவீதம் மாற்றினால் சின்னதாகத்தான் தெரியும். 7.5 போட்டுப் பாருங்கள். 65.3 லட்சம் வரும், நான் போட்டுவிட்டேன். 8.25க்கும் அதற்கும் 5.7 லட்சம் வித்தியாசம்.

---

மீனா சம்பளப் பிரிவு – 15 ஜூலை

அண்ணா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் 8 வைப்பதற்குக் காரணம், கடந்த பத்து வருடத்தில் அது 8.1க்குக் கீழே இறங்கவில்லை என்பதுதான். ஆனால் நாட்டில் பொதுவாக வட்டி இறங்கினால் இதுவும் இறங்கும். கடன் வாங்குவதற்காகப் பார்க்கிறவர் குறைந்த எண்ணை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. என் சொந்தக் கணக்குக்கு நான் 8தான் வைப்பேன்.

---

ராணிப்பேட்டை ஃபிட்டர் – 15 ஜூலை

நான் ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகிறது. தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். 16 வருடமும் 5 சதவீதம் ஏறும் என்று வைக்காதீர்கள். எனக்கு 52 வயதுக்குப் பிறகு இன்கிரிமென்ட் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வருடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு போடுவார்கள். புதுசாக வரும் பையன்களுக்குத்தான் ஏற்றுவார்கள். அந்த ஆறு வருடத்தில் என் கணக்கு நின்ற இடத்திலேயே நின்றது போல எனக்குத் தோன்றியது.

---

மீனா சம்பளப் பிரிவு – 16 ஜூலை

ஐயா சொன்னதை வைத்துத் தம்பியின் ஷீட்டில் கடைசி ஆறு வருடத்துக்கு மட்டும் உயர்வை 2 சதவீதமாக மாற்றினேன். 69இலிருந்து 67.8 லட்சம் ஆகிறது. ஒன்றேகால் லட்சம்தான் குறைகிறது. கடைசி வருடங்களில் கட்டும் பணத்துக்கு வட்டி சேர நேரம் இல்லை, அதனால் அங்கே குறைந்தாலும் மொத்தத்தில் பெரிதாகத் தெரியாது. அந்தச் சமயத்தில் கணக்கை வளர்ப்பது முன்பே சேர்ந்திருக்கும் இருப்புதான். ஐயா, உங்கள் கணக்கும் அந்த ஆறு வருடத்தில் வட்டியால் வளர்ந்திருக்கும். மாதப் பிடித்தம் நின்றது கண்ணுக்குத் தெரியும், வட்டி வருடத்துக்கு ஒரு தடவைதான் ஏறும் என்பதால் தெரியாது.

அதே காரணத்தால்தான் 2021இல் எடுத்த 80,000 எனக்கு உறுத்துகிறது. அதை எடுக்காமல் இருந்திருந்தால் இந்த மார்ச்சில் அது சுமார் 1,08,000. 2041இல் 3.7 லட்சம். எடுத்தது தப்பு என்று சொல்லவில்லை, அந்த நேரத்தில் யாருக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இனி எடுக்கும்போது இந்த எண்ணைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

---

கோவை லேத் – 16 ஜூலை

அம்மாவுக்கு ஆக்சிஜன் வாங்கத்தான் எடுத்தேன் அக்கா. வேறு வழி இருக்கவில்லை.

---

மீனா சம்பளப் பிரிவு – 16 ஜூலை

அப்படியென்றால் அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது, தம்பி. அதை விட்டுவிடுங்கள்.

---

அனு சிறுசேரி – 16 ஜூலை

இதைப் படித்துவிட்டு என் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன், பயமாக இருக்கிறது. எனக்கு 35 வயது. 2013 ஜனவரியில் சேர்ந்தேன். இப்போது பேசிக் 45,000. வருடா வருடம் பத்து சதவீதமாவது சம்பளம் ஏறுகிறது. ஆனால் பாஸ்புக்கில் 2014 ஆகஸ்ட் வரை என் பங்கு 780, செப்டம்பரிலிருந்து 1,800. அன்றிலிருந்து இன்று வரை ஒவ்வொரு மாதமும் அதே 1,800. நிறுவனப் பங்கு 550. இருப்பு 5,20,000. சம்பள உயர்வு 10 சதவீதம் என்று போட்டு ஒன்றரைக் கோடி வரும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். ஏமாற்றுகிறார்களா?

---

மீனா சம்பளப் பிரிவு – 17 ஜூலை

இல்லை, அனு. உங்கள் நிறுவனம் சட்டத்தில் உள்ள உச்சவரம்பு வரைக்கும்தான் கட்டுகிறது. 2014 செப்டம்பருக்கு முன்பு வரம்பு 6,500, அதில் 12 சதவீதம் 780. பிறகு 15,000 ஆனது, அதில் 1,800. நிறுவனத்தின் 1,800இல் 1,250 பென்ஷனுக்குப் போய் 550 மிஞ்சுகிறது. வரம்புக்கு மேல் கட்ட அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. கோவைத் தம்பியின் நிறுவனம் முழுச் சம்பளத்துக்கும் கட்டுகிறது, உங்களுடையது கட்டவில்லை, அவ்வளவுதான். உங்கள் பதிவேடு சொல்லும் உயர்வு 10 சதவீதம் இல்லை, பூஜ்யம்.

மாதம் 2,350 என்றே வைத்து, 8 சதவீத வட்டியில், இன்னும் 23 வருடத்துக்குப் பார்த்தால் 48 லட்சம் வருகிறது. அதில் 30 லட்சத்துக்கு மேல் இப்போது இருக்கும் 5,20,000 வளர்ந்து வருவது. அதனால் வேலை மாறும்போது அதை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வரம்பை அரசு ஒருநாள் உயர்த்தினால் உங்கள் தொகை கூடும், ஆனால் எப்போது என்று தெரியாததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

---

பாலு அண்ணாச்சி – 17 ஜூலை

வீட்டில் உடனே சொல்லிவிடுங்கள் அம்மா. ஒன்றரைக் கோடியை நம்பி எதாவது முடிவு எடுத்துவிடப் போகிறார்கள்.

---

கோவை லேத் – 17 ஜூலை

நேற்று மனைவியிடம் ஷீட்டைக் காட்டினேன். 2041இல் 69 லட்சம் என்றால் இன்றைக்கு அது எவ்வளவு என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

---

மீனா சம்பளப் பிரிவு – 18 ஜூலை

விலைவாசி எவ்வளவு ஏறும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் நான் சம்பளத்தை வைத்து அளப்பேன். உங்கள் ஷீட்டிலேயே 2041இல் சம்பளம் 69,850 என்று இருக்கும். 69 லட்சம் என்பது அந்தச் சம்பளத்தில் 99 மாதம், எட்டு வருடத்துக்குச் சற்று மேலே. இன்றைக்கு உங்களிடம் இருக்கும் 9,40,000 இன்றைய சம்பளத்தில் 29 மாதம். உங்கள் மனைவியிடம், ஓய்வுபெறும்போது எட்டு வருடச் சம்பளம் கையில் இருக்கும், அதோடு பென்ஷனாக மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் வரும் என்று சொல்லுங்கள். அந்தக் கல்லூரிக் கடனை இதிலிருந்து அடைத்தால் அதில் எத்தனை மாதம் போகும் என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.

---

சுந்தர்74 – 18 ஜூலை

7.5 வைத்தால் 93 மாதம். அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

---

அனு சிறுசேரி – 21 ஜூலை

ஹெச்ஆரிடம் பேசினேன். நிறுவனப் பங்கை ஏற்ற மாட்டார்களாம். ஆனால் நானாக விரும்பினால் என் பக்கம் முழு பேசிக்குக்கும் 12 சதவீதம் பிடிக்கச் சொல்லலாம் என்றார்கள். 1,800க்குப் பதில் 5,400. வீட்டு வாடகை, பையனின் பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மாதம் 3,600 கூடுதலாகக் கழிந்தால் சமாளிக்க முடியுமா என்று தெரியவில்லை. 23 வருடத்தில் அது எவ்வளவு ஆகும்?

---

மீனா சம்பளப் பிரிவு – 21 ஜூலை

3,600ஐ ஏற்றாமல் அப்படியே வைத்தாலும் 27 லட்சம், அனு. 48உடன் சேர்த்தால் 75. முதலில் 1,500 கூடுதலாகப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள், அதுவே 11 லட்சத்துக்கு மேல். அடுத்த ஏப்ரல் இன்கிரிமென்ட் வந்த பிறகு கூட்டிக்கொள்ளலாம். நடு வருடத்தில் தொகையை மாற்ற உங்கள் ஆபீஸில் விடுவார்களா, ஏப்ரலில்தான் விடுவார்களா என்று கேட்டு வாருங்கள். இடத்துக்கு இடம் அது மாறும்.